தாதியர் டிப்ளோமா சேர்க்கை – வட சிலாங்கூர்

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் போன்ற வட்டாரங்களின் தோட்டக் குடும்பங்களிலிருந்து எஸ்.பி.எம். தேர்வை முடித்து வரும் மாணவர்கள் சேரும் தாதியர் டிப்ளோமா மூன்றாண்டுப் படிப்பாகும். அதன் முடிவில் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற்றவரே 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தாதியாகப் பணியாற்ற முடியும் என்பதால், கட்டணம் செலுத்துமுன் அப்படிப்பை வாரியம் அங்கீகரித்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

வாரியத்தின் அங்கீகாரத்தோடு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். முகமையின் இணையப் பதிவேட்டில் படிப்பின் எண் MQA/PA என்று தொடங்கினால் அது தற்காலிக அங்கீகாரம், அதாவது படிப்பைத் தொடங்கி நடத்த மட்டும் கிடைத்த ஒப்புதல்; MQA/FA என்பது முழு அங்கீகாரம். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போதே கல்லூரி முழு அங்கீகாரத்திற்கு விண்ணப்பிப்பதால், PA எண் புதிய படிப்புக்கு இயல்பானது. ஆனால் பல அணிகள் படித்து வெளியேறிய பின்னும் அதே எண் நீடித்தால் காரணம் கேட்க வேண்டும்.

நோயாளிகளிடம் நேரடியாகக் கற்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனை அனுமதி தந்துள்ளது, தஞ்சோங் காராங்கா கிள்ளானா, போக்குவரத்தும் தங்குமிடமும் கட்டணத்தில் அடங்குமா என்பவற்றை எழுத்தில் பெறுதல் நலம்.