‘அரசின் நலன்’ என்றால் யாருடைய நலன்?

பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு ஜூரி, நீதிபதி சொன்னதைக் கேட்காமல் போன கதை இது. எனக்கு அந்த ஜூரியைவிட, அவர்கள் முன்னால் கிடந்த ஒரு சொற்றொடர்தான் சுவாரஸ்யம்.

1982 மே 2. ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் ‘ஹெனரல் பெல்கிரானோ’ கப்பலை பிரிட்டன் மூழ்கடித்தது. 323 பேர் செத்துப்போனார்கள். கப்பல் தடை வளையத்துக்கு வெளியே, தீவுகளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. இதைப் பற்றி எம்.பி.க்கள் கேள்வி கேட்டபோது சரியான பதில் வரவில்லை.

பாதுகாப்பு அமைச்சகத்தின் மூத்த அதிகாரி கிளைவ் பான்டிங்குக்கு உண்மை தெரியும். நாடாளுமன்றக் குழுவிடமிருந்து தகவலை மறைக்க ஏற்பாடு நடப்பதும் தெரிந்தது. 1984 ஜூலையில் இரண்டு ஆவணங்களை, பெயர் போடாமல், டாம் டால்யெல் என்ற எம்.பி.க்குத் தபாலில் அனுப்பினார். பத்திரிகைக்கு இல்லை, எதிரி நாட்டுக்கும் இல்லை, ஒரு எம்.பி.க்கு. ஆவணங்கள் சுற்றி வந்து அமைச்சகத்துக்கே திரும்பின. ஆள் மாட்டிக்கொண்டார்.

வழக்கு 1911ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம், பிரிவு 2இன் கீழ். நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து வந்தது என்று அரசுத் தரப்பே வாதிடவில்லை. அனுமதியில்லாமல் கொடுத்தாலே குற்றம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிரிவில் ஒரு சின்னக் கதவு இருந்தது: அரசின் நலன் கருதி யாரிடம் சொல்வது கடமையோ, அவரிடம் சொல்லலாம். பான்டிங் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அரசின் நலன் என்பது அன்றைய ஆட்சியின் கொள்கைதான் என்றார் நீதிபதி மெக்கோவன். அதன்படி பார்த்தால் தண்டனை நிச்சயம். 1985 பிப்ரவரியில் ஜூரி ‘குற்றவாளி இல்லை’ என்றது.

அரசு என்ன பண்ணியது? கதவையே அடைத்துவிட்டது. 1989இல் வந்த புதிய சட்டம் ரகசியங்களின் வகைகளைக் குறைத்தது. கூடவே அந்தக் கடமை வாசகத்தையும் எடுத்துவிட்டது. ‘பொதுநலனுக்காகத்தான் சொன்னேன்’ என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை. 1998இல் முறைகேட்டை வெளிப்படுத்தும் ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் வெளிப்படுத்துவதே குற்றமாகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு சட்டம் கொடுப்பதை இன்னொன்று பிடுங்கிக்கொள்கிறது.

நம் பக்கம் பாருங்கள். அதே கடமை வாசகம் இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இன்னும் இருக்கிறது. 2014இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம், ரகசியச் சட்டம் என்ன சொன்னாலும் ஓர் அரசு ஊழியர் உரிய அதிகாரியிடம் புகார் தரலாம் என்றது. அடுத்த வருடமே அந்த வரியை நீக்கும் திருத்தம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நின்றுபோனது. மூலச் சட்டமோ நான் இதை எழுதும்வரை அமலுக்கே வரவில்லை.

ஆகவே இங்கே ஒரு பான்டிங் வந்தால், அவர் கையில் இருக்கப்போவது அந்தப் பழைய வாசகம் மட்டும்தான். ஆனால் இந்தியாவில் ஜூரி கிடையாது. அதற்குப் பொருள் சொல்லப்போவது நீதிபதிதான்.