352, 356, 360: மூன்று அவசரநிலைகளுக்கும் என்ன வித்தியாசம்? நோக்கத்தோடு ஒப்பீட்டு அட்டவணை

அரசியலமைப்புப் பாடத்தில் மாணவர்களை அதிகம் குழப்பும் பகுதி எது என்று கேட்டால், பலரும் சொல்வது அவசரநிலையைத்தான். ஒன்றுக்கு ஒரு மாதம், இன்னொன்றுக்கு இரண்டு மாதம். ஒன்றுக்கு சிறப்புப் பெரும்பான்மை, இன்னொன்றுக்கு சாதாரணப் பெரும்பான்மை. எண்களை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் எல்லாம் இடம் மாறிவிடும்.

ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவை 1975-ல் நடந்த தவறுகள் மீண்டும் நடக்கக் கூடாது என்று பிறகு சேர்க்கப்பட்டவை. காரணம் தெரிந்துவிட்டால் எண் தானாக நினைவில் நிற்கும்.

முதலில் அடிப்படை: எது எதற்கு?

அரசியலமைப்பின் 18-வது பகுதியில் மூன்று வகை அவசரநிலைகள் உள்ளன. பேச்சு வழக்கில் 'எமர்ஜென்சி' என்றால் முதல் வகை. 'ஆட்சிக் கலைப்பு' என்றால் இரண்டாவது வகை.

| | தேசிய அவசரநிலை | குடியரசுத் தலைவர் ஆட்சி | நிதி அவசரநிலை |
|---|---|---|---|
| பிரிவு | 352 | 356 | 360 |
| காரணம் | போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, ஆயுதமேந்திய கிளர்ச்சி | மாநிலத்தில் அரசியலமைப்பின்படி ஆட்சி நடத்த முடியாத நிலை | நாட்டின் நிதி நிலைத்தன்மைக்கு ஆபத்து |
| நோக்கம் | நாட்டின் பாதுகாப்பு | மாநில நிர்வாகம் நின்றுவிடாமல் காப்பது | அரசின் செலவைக் கட்டுப்படுத்துவது |
| எத்தனை முறை? | 3 (1962, 1971, 1975) | பல மாநிலங்களில் பலமுறை; தமிழ்நாட்டில் 4 | ஒருமுறைகூட இல்லை |

தமிழ்நாட்டின் அந்த 4 முறை: 1976, 1980, 1988, 1991.

352: 1975-ல் நடந்தது என்ன?

1975 ஜூன் 25 இரவு. பிரதமர் இந்திரா காந்தியின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அவசரநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். மத்திய அமைச்சரவைக்கு விஷயம் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். காட்டப்பட்ட காரணம் 'உள்நாட்டுக் குழப்பம்'. அன்றைய சட்டத்தில் அது போதுமானதாக இருந்தது.

அவசரநிலை முடிந்து, ஜனதா ஆட்சியில் 1978-ல் 44-வது திருத்தம் வந்தது. என்னென்ன ஓட்டை வழியாக 1975 நடந்ததோ, அவற்றை ஒவ்வொன்றாக அடைத்தது இந்தத் திருத்தம். கீழே உள்ள அட்டவணையை அப்படித்தான் படிக்க வேண்டும்.

| விஷயம் | 44-வது திருத்தத்துக்கு முன் | இப்போது | எதற்காக? |
|---|---|---|---|
| காரணம் | உள்நாட்டுக் குழப்பம் போதும் | ஆயுதமேந்திய கிளர்ச்சி இருக்க வேண்டும் | அரசியல் போராட்டத்தைக் காரணம் காட்ட முடியாது |
| ஆலோசனை | பிரதமர் சொன்னாலே நடந்தது | அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும் | தனி ஒருவர் முடிவெடுக்கக் கூடாது |
| ஒப்புதல் | 2 மாதத்துக்குள், சாதாரணப் பெரும்பான்மை | 1 மாதத்துக்குள், சிறப்புப் பெரும்பான்மை | ஆளுங்கட்சி மட்டும் நினைத்தால் எளிதில் நடக்கக் கூடாது |
| நீட்டிப்பு | மறு ஒப்புதல் தேவையில்லை | 6 மாதத்துக்கு ஒருமுறை மறு ஒப்புதல் | தானாகத் தொடரக் கூடாது |
| முடித்து வைப்பது | அரசு நினைத்தால்தான் | மக்களவை சாதாரணப் பெரும்பான்மையில் முடிக்கலாம் | தொடங்குவது கடினம், முடிப்பது எளிது |

கடைசி வரியைக் கவனியுங்கள். அவசரநிலையைக் கொண்டுவர சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். நீக்க மக்களவையின் சாதாரணப் பெரும்பான்மை போதும். மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுத்துமூலம் கேட்டால், இதற்காக 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும்.

சிறப்புப் பெரும்பான்மை: ஒரு சின்ன கணக்கு

இங்கே இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். இரண்டுமே நிறைவேற வேண்டும்.

மக்களவையின் 543 பேரில் 360 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு என்றால் 240. ஆனால் 240 பேர் ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறாது. ஏன்னா, 543-ல் பாதிக்கு மேல் என்றால் 272 வேண்டும். இதே 360 பேர் 356-வது பிரிவின் தீர்மானத்துக்கு வாக்களித்தால், 181 பேரின் ஆதரவே போதும். இரண்டு பிரிவுகளுக்கும் உள்ள இடைவெளி இந்த இரண்டு எண்களில் தெரிந்துவிடும்.

அடிப்படை உரிமைகள் என்ன ஆகும்?

தேர்வில் அடிக்கடி தவறு நடக்கும் இடம் இது. 356, 360 இரண்டிலும் அடிப்படை உரிமைகளுக்கு எந்த பாதிப்பும் கிடையாது. 352-ல் மட்டும்தான் பாதிப்பு. அதிலும் 358, 359 என்று இரண்டு பிரிவுகள் தனித்தனியாக வேலை செய்கின்றன.

| | பிரிவு 358 | பிரிவு 359 |
|---|---|---|
| எந்த உரிமை? | 19-வது பிரிவின் சுதந்திரங்கள் மட்டும் | உத்தரவில் குறிப்பிடப்படும் உரிமைகள் |
| எப்படி? | பிரகடனம் வந்ததுமே தானாக | குடியரசுத் தலைவரின் தனி உத்தரவு வேண்டும் |
| எப்போது? | போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பில் மட்டும் | மூன்று காரணங்களிலும் |
| எல்லை | ஆயுதமேந்திய கிளர்ச்சிக்குப் பொருந்தாது | 20, 21 பிரிவுகளைத் தொட முடியாது |

20, 21 மட்டும் ஏன் விதிவிலக்கு? இதற்கும் 1975-77 காலத்தில்தான் பதில் இருக்கிறது. விசாரணையின்றி சிறையில் அடைக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவசரநிலையின்போது தங்கள் காவலை எதிர்த்து நீதிமன்றம் வர அவர்களுக்கு உரிமை இல்லை என்று 1976 ஏப்ரல் 28-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா மட்டும் மாறுபட்டார். அதன் பிறகுதான் உயிர் வாழும் உரிமையான 21-ம், குற்ற வழக்குகளில் பாதுகாப்பு தரும் 20-ம் எந்த அவசரநிலையிலும் நிறுத்த முடியாதவை ஆக்கப்பட்டன.

356: ஆட்சிக் கலைப்பு எப்படி நடக்கிறது?

ஆளுநர் அறிக்கை அனுப்பினால்தான் ஆட்சியைக் கலைக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆளுநரின் அறிக்கை மூலமோ 'வேறு வகையிலோ' குடியரசுத் தலைவர் திருப்தி அடைந்தால் போதும் என்கிறது 356. இந்த 'வேறு வகை' வெறும் ஏட்டுச் சொல் அல்ல. 1991 ஜனவரி 30-ல் தமிழ்நாட்டில் கருணாநிதி தலைமையிலான திமுக அரசு கலைக்கப்பட்டபோது, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கான அறிக்கையை அனுப்பவில்லை. அறிக்கை இல்லாமலே பிரகடனம் வந்தது.

| விஷயம் | 352 | 356 | 360 |
|---|---|---|---|
| நாடாளுமன்ற ஒப்புதல் | 1 மாதத்துக்குள் | 2 மாதத்துக்குள் | 2 மாதத்துக்குள் |
| பெரும்பான்மை | சிறப்பு | சாதாரணம் | சாதாரணம் |
| ஒருமுறை ஒப்புதல் | 6 மாதம் | 6 மாதம் | நீக்கும் வரை |
| அதிகபட்சம் | வரம்பு இல்லை | 3 ஆண்டு | வரம்பு இல்லை |

356-ல் ஓராண்டைத் தாண்ட இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தே நிறைவேற வேண்டும். தேசிய அவசரநிலை நடப்பில் இருக்க வேண்டும். தேர்தல் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையமும் சான்று தர வேண்டும். பஞ்சாபில் 1987 முதல் 1992 வரை கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு நீடித்ததே எப்படி? அதற்காக அரசியலமைப்பையே தனியாகத் திருத்தினார்கள்.

6 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. 352-ல் இரண்டாவது அவை ஒப்புதல் தந்த நாளிலிருந்து. 356-ல் பிரகடனம் வந்த நாளிலிருந்து. உதாரணமாக, மணிப்பூரில் 2025 பிப்ரவரி 13-ல் பிரகடனம் வந்தது. நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது ஏப்ரல் முதல் வாரத்தில். ஆனால் அடுத்த நீட்டிப்பு ஆகஸ்ட் 13 முதல் என்றே கணக்கிடப்பட்டது, அக்டோபர் முதல் அல்ல.

பொம்மை வழக்கு ஏன் முக்கியம்?

44-வது திருத்தம் 352-ஐ இறுக்கிய அளவுக்கு 356-ஐ இறுக்கவில்லை. அந்த வேலையைச் செய்தது உச்ச நீதிமன்றம்.

1989 ஏப்ரல். கர்நாடகத்தில் எஸ்.ஆர்.பொம்மை முதல்வர். 19 எம்.எல்.ஏ.க்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதாக ஆளுநரிடம் கடிதங்கள் போகின்றன. ஆளுநர் மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்புகிறார். அதற்குள் அந்த 19 பேரில் 7 பேர், தங்களைத் தவறாக நம்பவைத்துக் கையெழுத்து வாங்கியதாகச் சொல்கிறார்கள். சட்டமன்றத்தில் பலத்தை நிரூபிக்கிறேன் என்கிறார் பொம்மை. வாய்ப்பு தரப்படவில்லை. ஏப்ரல் 21-ல் ஆட்சி கலைக்கப்பட்டது.

ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1994 மார்ச் 11-ல் தீர்ப்பளித்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

- பெரும்பான்மையை சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல.
- பிரகடனத்தை நீதிமன்றம் பரிசீலிக்கலாம். தவறு என்றால் கலைந்த ஆட்சியை மீண்டும் அமர்த்தலாம்.
- நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. முடக்கி வைக்கத்தான் முடியும்.
- மதச்சார்பின்மை அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு. அதற்கு எதிராக நடக்கும் மாநில அரசின் மீது 356 பாயலாம்.

கர்நாடகக் கலைப்பு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் பொம்மைக்கு ஆட்சி திரும்பக் கிடைக்கவில்லை. வழக்கு முடிவதற்குள் ஐந்து ஆண்டு ஓடி, மாநிலத்தில் தேர்தலும் நடந்துவிட்டது. பலன் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. 2016-ல் உத்தரகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது, உச்ச நீதிமன்றம் மே 10-ல் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்த வைத்தது. பெரும்பான்மையை நிரூபித்த ஹரீஷ் ராவத் மீண்டும் முதல்வரானார்.

360-ல் என்ன நடக்கும்?

இது இதுவரை பயன்படுத்தப்படாத பிரிவு. 1991-ல் கடுமையான அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோதும் இதைக் கொண்டுவரவில்லை. அமலானால், மத்திய, மாநில அரசு ஊழியர்களின் சம்பளத்தைக் குறைக்க உத்தரவிடலாம். உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளமும் இதில் அடங்கும். மாநிலங்களின் பண மசோதாக்களைக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்லலாம்.

விடை எழுதும்போது கவனிக்க வேண்டியது

355, 356, 365 மூன்றும் கண்ணை ஏமாற்றும். மாநிலத்தைக் காப்பது மத்திய அரசின் கடமை என்பது 355. அதற்கான நடவடிக்கை 356. மத்திய அரசின் உத்தரவுகளை மாநிலம் பின்பற்றாவிட்டால், அங்கே அரசியலமைப்புப்படி ஆட்சி நடக்கவில்லை என்று குடியரசுத் தலைவர் கருதலாம் என்பது 365. அப்படிக் கருதினால் அடுத்து வருவதும் 356-தான்.