கோடீஸ்வரன் வழக்கு: செவிக்குரிய வாதம்

கோடீஸ்வரன் வழக்கு என்றதும் நம்மவர்க்குத் தனிச் சிங்களச் சட்டமே நினைவுக்கு வரும். களுபோவிலவில் என் அயலில் வாழும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும் அப்படியே பேசுவர். ஆனால் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று தீர்ந்த வினா வேறு: அரச ஊழியர் ஒருவர் தமது சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடரலாமா?

கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சி பெறாமையால், 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்றார். 1967இல் உயர் நீதிமன்றம் மொழியைத் தொடவேயில்லை. ஊழியர் சம்பளத்துக்கு வழக்காட முடியாதென்று கூறி வாசலிலேயே கதவை அடைத்தது.

இத்தகைய ஒற்றைச் சட்டப்புள்ளியை, ஏட்டைப் புரட்டாமலே நீதிபதி பின்தொடரும்படி சொல்வது எங்ஙனம்? பிரிவிக் கவுன்சில் தீர்ப்பின் தர்க்கத்தைக் கொண்டு அந்தச் சமர்ப்பணத்தை நானே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்ல வேண்டும்: “செய்த வேலைக்குரிய சம்பளம் கடன், கடனுக்கு வழக்குண்டு.” அடுத்து, எதிர்த்தரப்பின் பலத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். முடி தன் விருப்பப்படி ஊழியரை எப்போதும் நீக்கலாம்; அதை நாம் மறுக்கவில்லை. நீக்கும் உரிமை நாளைக்குரியது. சம்பளமோ நேற்றைய உழைப்புக்குரியது. நாளை அனுப்பிவிடலாம் என்பதனால் நேற்றைய கூலி இல்லாமற் போகாது. நீதிபதி மனத்தில் சுமக்க வேண்டியது இந்த நேற்று, நாளை என்ற வேறுபாட்டை மட்டுமே.

அதன் பின்னரே முன்தீர்ப்பு வரவேண்டும். 1926இன் ஸ்கொத்லாந்து மல்வென்னா வழக்கு, நீக்கும் உரிமையிலிருந்து சம்பள வழக்கு இல்லையென்ற முடிவுக்குத் தாவியது. அந்தத் தாவல் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று மட்டும் காட்டினாற் போதும். பத்து வழக்குகளை அடுக்கும் சட்டத்தரணிகளைப் புதுக்கடையில் நிறையவே கண்டிருக்கிறேன். மூன்றாவதிலேயே நீதிபதி, “எந்தப் புள்ளியில் நிற்கிறீர்கள்?” என்பார். நூல் அறுந்ததற்கு அதுவே அடையாளம்.

இறுதிப்படி உள்ளூர்ச் சட்டம். இலங்கையில் அரசின்மீது வழக்குத் தொடரும் வழக்கம் வேரூன்றியிருந்தது. 1868ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதை ஏற்றிருந்தது. ஆகவே ஆங்கிலத் தடையை இங்கே இறக்குமதி செய்யத் தேவையில்லை.

1969 டிசம்பர் 11இல் டிப்லொக் பிரபு வழங்கிய தீர்ப்பு மல்வென்னாவின் நியாயத்தை ஏற்கவில்லை. கோடீஸ்வரன் வழக்காடலாம் என்று முடிவாயிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினா உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பப்பட்டது. அங்கு அது ஒருபோதும் தீர்க்கப்படவில்லை. 1972 அரசியலமைப்பு, அந்த வினாவுக்கு ஆதாரமான 29ஆம் பிரிவையே அகற்றிவிட்டது.