உதிரிச் சோறு (கண்டி வட்டாரச் சமையல்)

உதிரிச் சோறு என்பது உள்வரை வெந்தும், ஒன்றோடொன்று ஒட்டாமல் மணி மணியாகப் பிரிந்து நிற்கும் சோறு. கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அக்குறணை, மடவளை போன்ற ஊர்களிலும் அன்றாடச் சோறு, மஞ்சள் சோறு, முஸ்லிம் வீட்டு விருந்துகளில் சஹனில் பரிமாறப்படும் நெய்ச்சோறு ஆகியவற்றுக்கு இந்தப் பதமே வேண்டப்படுகிறது. அரிசியை ஊறவைத்தால் சோறு உதிரியாக வரும் என்ற கருத்து பரவலாக உண்டு. அது எல்லா அரிசிக்கும் பொருந்தாது. நீண்ட மணிப் பச்சை அரிசிக்கும் தவிடு நீங்காத சிவப்பு அரிசிக்கும் ஊறல் பயன்படும். புழுங்கல் அரிசிக்குப் பெரிதாகத் தேவைப்படாது.

ஒட்டுவதற்குக் காரணம்

அரிசி மாப்பொருளில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரு கூறுகள் உண்டு. அமைலோஸ் மிகுந்த அரிசி வெந்தபின் இறுகி உதிரும். குறைந்த அரிசி குழைந்து ஒட்டும். அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை உயர்ந்த அளவு என்பர். குருநாகல் மாவட்டத்து பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட இனங்கள் உட்பட, இலங்கையில் விளையும் நெல்லில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. எனவே கண்டிக் கடைகளில் விற்கும் அரிசி இயல்பிலேயே உதிரும் தன்மை உடையது. அது குழைந்துபோனால் பெரும்பாலும் காரணம் சமைத்த முறையில்தான் இருக்கும்.

ஒட்டும் பசை இரு வழிகளில் வருகிறது. தீட்டும்போது மணியின் மேல் படிந்த மாத்தூளும் நொய்யும் கொதிநீரில் கரைந்து கஞ்சியாகின்றன. மற்றையது, அதிகமாக வெந்த மணி வெடித்து உள்ளிருக்கும் மாப்பொருளை வெளியே விடுகிறது. முதலாவதைக் களைவது தீர்க்கும். அரிசியை அரித்து, கையால் மெதுவாக அலசி, தண்ணீர் பெரும்பாலும் தெளியும்வரை மூன்று நான்கு முறை மாற்றினால் போதும். அழுத்திப் பிசைந்தால் மணி உடைந்து புதிதாக நொய் சேரும்.

அரிசியின் வயதும் பதத்தை மாற்றும். அறுவடை முடிந்த கையோடு தீட்டிய அரிசி எளிதில் குழையும். சில மாதங்கள் இருப்பில் கிடந்த அரிசி கூடுதலான தண்ணீரை ஏற்றும் ஒட்டாமல் வேகும். இதனால் ஒரே கடையில் வாங்கிய ஒரே வகை அரிசிக்கும் பருவத்துக்கேற்பத் தண்ணீரைச் சிறிது கூட்டவோ குறைக்கவோ நேரும்.

ஊறவைத்தல் என்ன செய்கிறது

உலர்ந்த அரிசியில் ஈரம் ஏறத்தாழ 12 முதல் 14 சதவீதம். தண்ணீரில் இட்டால் தீட்டிய பச்சை அரிசி அரைமணி நேரத்துக்குள் 30 சதவீத அளவை நெருங்கிவிடும். அதன்பின் ஏறுவது சொற்பம். ஊறாத மணியில் வெளிப்புறம் முதலில் வெந்துவிடுகிறது. நடுப்பகுதிக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் வெளிப்புறம் வெடித்துப் பசையாகலாம். ஊறிய மணியில் ஈரம் நடுவரை முன்பே போயிருப்பதால் மணி முழுவதும் சீராகவும் விரைவாகவும் வேகும். பாஸ்மதி உடையாமல் நீள்வதற்கும் இதுவே உதவுகிறது.

நாட்டரிசி, சம்பா, கீரிச் சம்பா ஆகியவை பெரும்பாலும் புழுங்கல் அரிசியாகவே விற்பனைக்கு வருகின்றன. இவற்றின் நெல்லை ஆலையில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தியபின்பே தீட்டுகிறார்கள். அவிக்கும்போது மாப்பொருள் வெந்து, உலரும்போது மீண்டும் இறுகுகிறது. மணியிலிருந்த வெடிப்புகளும் மூடிக்கொள்கின்றன. சமைக்கும்போது பசை குறைவாக வெளிவருவதற்கு இதுவே காரணம். உதிரிக்குத் தேவையான ஊறல் ஆலையிலேயே நடந்துவிட்டதால், வீட்டில் மறுபடி ஊறவைப்பது வேகும் நேரத்தைச் சற்றுக் குறைக்குமே தவிர உதிரியைக் கூட்டாது.

சிவப்புப் பச்சை அரிசியில் தவிட்டுப் படலம் தண்ணீரைத் தடுப்பதால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஊறவைக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

ஊறவைத்தும் சோறு குழைவதற்கு முதற்காரணம், அரிசி முன்பே குடித்த தண்ணீரைக் கழிக்காமல் வழக்கமான அளவையே ஊற்றுவது. இரண்டு கோப்பை, அதாவது ஏறத்தாழ 400 கிராம் பாஸ்மதிக்கான கணக்கு இது. மணிகள் வேக அரிசியின் கொள்ளளவுக்குச் சமமான இரண்டு கோப்பைத் தண்ணீர், 480 மில்லிலீற்றர், வேண்டும். மூடிய பானையில் ஆவியாகப் போவதற்கு மேலும் 170 மில்லிலீற்றர் சேர்த்தால் மொத்தம் 650. அரைமணி நேரம் ஊறி, வடிந்தபின் அரிசியை நிறுத்தால் 500 கிராம் வரை இருக்கும். கூடிய 100 கிராமும் தண்ணீர். எனவே பானையில் ஊற்றவேண்டியது 550 மில்லிலீற்றர்.

இதே பானையில் நான்கு கோப்பை சமைத்தால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கக் கூடாது. மணிகள் குடிக்கும் தண்ணீர் இரட்டிப்பாகும். ஆவியாவது பானையின் அகலத்தையும் மூடியையும் நேரத்தையும் பொறுத்தது என்பதால் ஏறத்தாழ அதே அளவில் நிற்கும். விருந்துக்குப் பெரிய அளவில் சமைக்கும்போது சோறு குழைய இந்தத் தவறே வழிவகுக்கும். புழுங்கல் அரிசிக்குக் கூடுதல் தண்ணீர் தேவை. ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பையில் தொடங்கித் திருத்திக்கொள்ளலாம்.

சமைக்கும் முறை

தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டு, ஒருமுறை மட்டும் கிளறி, மூடி, தீயை மிகக் குறைக்க வேண்டும். பாஸ்மதிக்கு 10 முதல் 12 நிமிடங்கள் போதும். அடுப்பை அணைத்தபின் 10 நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டால் மேலும் கீழும் ஈரம் சமமாகி மணி இறுகும். உடனே கிளறினால் மென்மையான மணிகள் உடைந்து ஒட்டிக்கொள்ளும். நெய்ச்சோற்றில் அரிசியை முதலில் நெய்யில் புரட்டுவதால் மணிகளின் மேல் கொழுப்புப் பூச்சு படிந்து பிரிவுக்குத் துணைசெய்கிறது.

கஞ்சி வடிக்கும் முறையில் தண்ணீர்க் கணக்கே வேண்டாம். நிறைய நீரில் கரைந்த பசை கஞ்சியோடு போய்விடும். அங்கே கவனிக்கவேண்டியது நேரம். ஒரு மணியை விரலிடை நசுக்கினால் நடுவில் நூலளவு வெண்மை தெரியும்போது வடித்து, மூடிவைத்தால் எஞ்சியது தன் சூட்டிலேயே வேகும். ஆனால் தயமின் போன்ற நீரில் கரையும் சத்துகளும் கஞ்சியோடு வெளியேறும்.

உயரத்தின் பங்கு

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 98 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கிறது. கொழும்பு வீட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு மிகச் சிறிது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் கொதிநிலை 94 பாகைக்கு அருகே இறங்குகிறது. அங்கே திறந்த பானையில் சோறு வேக அதிக நேரமாகும்; அதற்குள் ஆவியாகும் தண்ணீரும் கூடும். அத்தகைய உயரத்தில் ஊறவைத்தலின் பயன் அதிகம்.

பிழைகளை அறிதல்

வெளியே குழைந்து உள்ளே கடினமாக இருந்தால் தீ அதிகம், அல்லது பச்சை அரிசி ஊறவில்லை. முழுவதும் குழைந்தால் தண்ணீர் அதிகம். மணிகள் துண்டு துண்டாக இருந்தால் ஊறிய அரிசியைப் பிசைந்து கழுவியதோ, வேகும்போது கிளறியதோ காரணம். முழு மணியாக இருந்தும் கட்டியாகச் சேர்ந்தால் களைந்தது போதவில்லை.

பாற்சோற்றில் இவை தலைகீழாகும். வெள்ளைப் பச்சை அரிசியைத் தாராளமான தண்ணீரில் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கிளறி மசித்து, தட்டில் பரப்பித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். உதிரிச் சோற்றுக்குக் கேடானவை இங்கே வேண்டுமென்றே செய்யப்படுகின்றன. அமைலோஸ் மிகுந்த அரிசியையும் ஒட்டவைக்க முடியும் என்பதற்கு அது சான்று.