பத்தால் வகுப்பதா, ஒன்பதால் வகுப்பதா: ஒரு சிறு தரவின் திட்டவிலக்கம்

ஒரு தரவின் எண்கள் தம் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவை திட்டவிலக்கம். சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணின் விலக்கத்தையும் வர்க்கப்படுத்தி, அவற்றைக் கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். இதில் ஐயத்துக்கு இடம் தருவது வகுக்கும் படி மட்டுமே. முழுமைத்தொகுதிக்கு எண்களின் எண்ணிக்கையாலும், கூறுக்கு அதைவிட ஒன்று குறைந்த எண்ணாலும் வகுக்க வேண்டும் என்ற விதியைப் பலரும் காரணம் அறியாமலே பின்பற்றுகின்றனர். காரணமோ கையால் கணக்குப் போடும்போதே கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது.

புள்ளியியல் வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு சிறு தரவை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கலமசூ நகர மனநல மருத்துவமனையில் நடந்த தூக்க மருந்துச் சோதனையின் முடிவுகளை குஷ்னி, பீபிள்ஸ் இருவரும் 1905இல் வெளியிட்டனர். பத்து நோயாளிகளுக்கு இரு மருந்துகள் தந்த கூடுதல் தூக்கத்தின் வேறுபாடு, மணிக்கணக்கில், இவ்வாறு அமைந்தது: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4.

கூட்டுத்தொகை 15.8, சராசரி 1.58. விலக்கங்கள் வரிசைப்படி −0.38, 0.82, −0.28, −0.28, −1.58, −0.58, 0.22, −0.78, 3.02, −0.18. மேலே செல்லுமுன் ஒரு சரிபார்ப்பு தேவை. நேர் விலக்கங்களின் கூடுதல் 4.06, எதிர் விலக்கங்களின் கூடுதலும் 4.06. இவை சமமாக இல்லாவிட்டால் சராசரியிலோ கழித்தலிலோ பிழை இருக்கிறது என்று பொருள். விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 13.616 வருகிறது. அதைப் பத்தால் வகுத்தால் பரவற்படி 1.3616, திட்டவிலக்கம் 1.17 மணி. ஒன்பதால் வகுத்தால் பரவற்படி 1.5129, திட்டவிலக்கம் 1.23 மணி.

13.616ஐ அடையக் குறுக்குவழி ஒன்றும் உண்டு. எண்களின் வர்க்கங்களைக் கூட்டி (38.58), அதிலிருந்து சராசரியின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கிய தொகையை (24.964) கழித்தால் போதும். ஆனால் சராசரியை 1.6 என்று முழுமையாக்கிவிட்டு இவ்வழியில் சென்றால் 38.58 − 25.6 = 12.98 என்ற தவறான விடை வரும். நீண்ட வழியில் அதே 1.6ஐ வைத்து விலக்கங்கள் எடுத்தால் 13.620 வரும், பிழை 0.004 மட்டுமே. இந்த 0.004 தற்செயலாக வந்ததன்று. எந்த எண் a ஆனாலும் கீழுள்ள சமன்பாடு பொருந்தும்:

Σ(x − a)² = Σ(x − x̄)² + n(x̄ − a)²

இங்கே a = 1.6. கடைசி உறுப்பு 10 × 0.02² = 0.004. அந்த உறுப்பு ஒருபோதும் எதிர் எண்ணாகாது. ஆகவே எந்த எண்ணைச் சுற்றி அளந்தாலும், தரவின் சொந்தச் சராசரியைச் சுற்றி அளக்கும்போதுதான் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவாக இருக்கும்.

இரு சூத்திரங்களின் வேறுபாடு முழுவதும் இந்தச் சமன்பாட்டிலிருந்தே பிறக்கிறது. அந்தப் பத்துப் பேரின் சிதறலை மட்டும் விவரிப்பது நோக்கமானால் அவர்களே முழுமைத்தொகுதி, 1.58 அத்தொகுதியின் உண்மைச் சராசரி. பத்தால் வகுப்பதே சரி. அம்மருந்துகளை உட்கொள்ளக்கூடிய மற்றவர்களைப் பற்றி அறிவது நோக்கமானால் நிலைமை வேறு. அந்தப் பெருந்தொகுதியின் சராசரி μ யாருக்கும் தெரியாது. உண்மையில் விலக்கங்களை μ-இலிருந்து அளந்திருக்க வேண்டும். கையில் இருப்பதோ அந்தப் பத்து எண்களிலிருந்தே பெற்ற x̄. அதைச் சுற்றி அளந்த வர்க்கக் கூடுதல், μ-ஐச் சுற்றி அளந்திருந்தால் வந்திருக்கும் தொகையைவிட n(x̄ − μ)² அளவுக்குக் குறைந்தே நிற்கும்.

ஒரு தனிக் கூறில் இந்தக் குறை எவ்வளவு என்று சொல்ல முடியாது. சராசரியாக எவ்வளவு என்று சொல்ல முடியும். எண்கள் ஒன்றையொன்று சாராதவை எனில், கூறுச் சராசரியின் பரவற்படி σ²/n. அதை n ஆல் பெருக்கினால் σ². அதாவது, சராசரிக் குறை எப்போதும் ஒரு σ². μ-ஐச் சுற்றிய கூடுதல் சராசரியாக nσ² ஆகையால், x̄-ஐச் சுற்றிய கூடுதல் சராசரியாக (n − 1)σ². அதை n − 1 ஆல் வகுத்தால்தான் σ² திரும்பக் கிடைக்கும். காஸ் 1823இலேயே இக்கருத்தை அளவீட்டுப் பிழைகளுக்குப் பொதுவாக நிறுவினார். ஆயினும் வழக்கில் இத்திருத்தம் வானியலாளர் பெசலின் பெயரால் வழங்குகிறது.

ஐயமுள்ளவர் இதை ஒரு தாளிலேயே சோதித்துப் பார்க்கலாம். முழுமைத்தொகுதி 3, 6, 9 என்க; சராசரி 6, பரவற்படி 18/3 = 6. எடுத்த எண்ணைத் திரும்பப் போட்டு இரண்டிரண்டாக எடுத்தால் ஒன்பது கூறுகள் அமையும். ஒரே எண் இருமுறை வரும் மூன்றில் வர்க்கக் கூடுதல் 0. அடுத்தடுத்த எண்கள் வரும் நான்கில் 4.5, 3ம் 9ம் வரும் இரண்டில் 18. மொத்தம் 54, சராசரி 6. இதை n ஆகிய 2ஆல் வகுத்தால் 3, உண்மைப் பரவற்படியில் பாதி. n − 1 ஆகிய 1ஆல் வகுத்தால் சரியாக 6.

இதே ஒன்பது கூறுகள் திருத்தத்தின் எல்லையையும் காட்டுகின்றன. n − 1 கொண்டு பெற்ற திட்டவிலக்கங்கள் 0, 2.12, 4.24 ஆகியவை, ஒன்பதின் சராசரி 1.89. உண்மைத் திட்டவிலக்கம் √6 = 2.45. பரவற்படியில் நீங்கிய சாய்வு வர்க்கமூலம் எடுத்ததும் திரும்பி வந்துவிடுகிறது. கூறின் திட்டவிலக்கம் சாய்வற்ற மதிப்பீடு என்று எழுதும் பாடக்குறிப்புகள் இதைக் கவனிப்பதில்லை.

தூக்கத் தரவைப் புகழ்பெறச் செய்தவர் டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணிபுரிந்த காசெட். ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் அவர் எழுதிய கட்டுரையில் இத்தரவின் திட்டவிலக்கம் 1.17 என்றே இருக்கிறது: பத்தால் வகுத்தது. அவர் தவறிழைத்ததாகக் கொள்வது சரியன்று. சராசரியை அந்த 1.17 ஆல் வகுத்த விகிதம் எவ்வாறு பரவும் என்பதை அதே வகுஎண்ணைக் கொண்டே அவர் கணித்தார், விகிதம் 1.35. பின்னர் ஃபிஷர் 1925இல் ஒன்பதால் வகுக்கும் முறையில் இதே தரவிலிருந்து t = 4.06 என்று பெற்றார். முன்னதை √9 ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும்; முடிவு ஒன்றே. திட்டவிலக்கத்தை ஒரு முறையிலும் அட்டவணையை மற்றொரு முறையிலும் எடுப்பதே உண்மையான பிழை. விரிதாளில் STDEV.P, STDEV.S இரண்டையும் கலந்து பயன்படுத்துவோர்க்கும் இது நேர்கிறது.

இத்தரவில் இரு வகுஎண்களும் தரும் விடைகளின் வேறுபாடு ஏறத்தாழ 5 விழுக்காடு. 13.616இல் 9.12ஐத் தருவதோ 4.6 மணி என்ற ஒரே எண். அந்த ஒருவரை நீக்கிவிட்டு எஞ்சிய ஒன்பது பேருக்கு, எட்டால் வகுத்தே, கணக்கிட்டால் திட்டவிலக்கம் 1.23இலிருந்து 0.66 ஆக இறங்குகிறது. அவரை நீக்கலாமா என்பதற்கு n − 1 விடை சொல்லாது.