கொள்கையில் எதிரிகள், நட்பில் நம்பிக்கையாளர்: 1949 திருவண்ணாமலைச் சந்திப்பை முன்வைத்து

விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் பிரியும் ரயில் தடத்தில் இருக்கிறது திருவண்ணாமலை நிலையம். 1949 மே 14 அன்று பாதாள லிங்கச் சன்னதியைத் திறந்துவைக்க அங்கு வந்த கவர்னர் ஜெனரல் ராஜாஜியை, பெரியார் அவருடைய ரயில் பெட்டியிலேயே தனியாகச் சந்தித்துப் பேசினார். இந்தச் சந்திப்பு பெரும்பாலும் தி.மு.க. தோன்றிய கதையின் முன்னுரையாகவே எழுதப்படுகிறது. பிரிந்த நண்பர்கள் மீண்டும் சேர முடியுமா என்பதற்கான சோதனையாகவும் அதைப் படிக்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜியும் ஈரோடு நகராட்சித் தலைவராக பெரியாரும் இருந்த காலத்தில் தொடங்கிய நட்பு அது. பெரியார் காங்கிரசுக்கு வந்ததில் ராஜாஜிக்குப் பெரும் பங்கு உண்டு. கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய மூன்றும் இருவருக்கும் பொது வேலைகள். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாமல் போனதும் பெரியார் வெளியேறினார். அதன்பின் இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. ராஜாஜி சாத்திரங்களுக்குள் நின்று சீர்திருத்தம் தேடினார். பெரியார் சாத்திரங்களையே மறுத்தார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துப் பெரியார் சிறை சென்றபோது மாகாணப் பிரதமர் ராஜாஜிதான்.

சந்திப்புக்கு முந்தைய ஆண்டு நிலைமை இன்னும் கடுமையாயிற்று. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவை, 1948இல் பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. பள்ளிகளில் இந்தியை மீண்டும் கொண்டுவந்தது. அந்த ஆகஸ்டில் சென்னைக்கு வந்த ராஜாஜிக்குக் கருப்புக்கொடி காட்டவே திராவிடர் கழகம் முனைந்தது. அதற்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் திருவண்ணாமலைச் சந்திப்பு நடந்தது.

பெரியார் கொண்டுபோனது அரசியல் சமரசம் அல்ல. தமக்குப் பின் இயக்கத்தின் சொத்துகளைக் காப்பதற்காக மணியம்மையைச் சட்டப்படி வாரிசாக்கும் வழியைப் பற்றிய ஆலோசனை அது. கழகத்தாரிடம் பேசத் தயங்கிய ஒன்றைக் கழகத்தின் முதல் எதிரியிடம் பேசினார் என்பது சாதாரண விஷயமில்லை. ஜூலை 9 அன்று மணியம்மையுடனான திருமணம் பதிவானது. அதை ஏற்காதவர்கள் பிரிந்து, செப்டம்பர் 17 அன்று அண்ணாவின் தலைமையில் தி.மு.க. பிறந்தது. இயக்கத்தைப் பிளக்க ராஜாஜி சொன்ன யோசனையே இத்திருமணம் என்ற சந்தேகம் பலமாக எழுந்தது. உண்மையில், இதைப் பற்றிப் பெரியாருக்கு எழுதிய கடிதத்தில் ராஜாஜி வயது வேறுபாட்டைச் சுட்டி எச்சரித்திருந்தார். அந்தரங்கம் என்று வந்த அக்கடிதத்தைப் பெரியார் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. பிற்காலத்தில்தான் அது வெளியே வந்தது. ராஜாஜியும் அதைக் காட்டித் தம் மீதான பழியைத் துடைத்துக்கொள்ள முற்படவில்லை. நட்பு பிழைத்திருந்ததற்கு ராஜாஜியின் இறுதி ஊர்வலத்தில் பெரியார் விட்ட கண்ணீரைவிட இந்த மௌனமே வலுவான சான்று என்று நான் கருதுகிறேன். கண்ணீருக்கு விலை கிடையாது. இந்த மௌனத்துக்கு இருவரும் அரசியலில் விலை கொடுத்தார்கள்.

சரி, இத்தனை நம்பிக்கை இருந்தும் பழைய கூட்டு வேலை திரும்பியதா? 1953இல் முதலமைச்சர் ராஜாஜி அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று கூறி ஈவிரக்கமின்றி எதிர்த்தார். மறு ஆண்டே ராஜாஜி பதவி விலக நேர்ந்தது. திருவண்ணாமலை நெருக்கம் இந்தப் போரின் வேகத்தை இம்மியும் குறைக்கவில்லை.

கருத்து வேறுபாடுதான் தடை, அது நீங்கினால் சேர்ந்துவிடலாம் என்பது பொதுவான எண்ணம். 1965 அதைப் பொய்யாக்குகிறது. அப்போது ராஜாஜியே இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். 1938ஆம் ஆண்டின் வழக்கு ஏறக்குறைய முடிந்துபோனது. ஆனால் காமராஜரை ஆதரித்துவந்த பெரியார், மாணவர் கிளர்ச்சியைக் கண்டித்தார். 1967 தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு அணி சேர, பெரியார் காங்கிரஸ் பக்கம் நின்றார். கருத்து நெருங்கிய இடத்திலும் களம் அவர்களைப் பிரித்தே வைத்தது. ஒரே மொழிக் கொள்கைக்கு இருவரும் வந்து சேர்ந்த காரணங்கள் வேறு, யாரோடு நிற்பது என்ற கணக்கும் வேறு.

இருவரும் தலைவர்கள், பின்னால் தொண்டர்கள் இருந்தார்கள், ஆகவே சேர முடியவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். பாதி நியாயம்தான். ஆனால் தொண்டர்களின் சந்தேகத்துக்கு அஞ்சியிருந்தால் பெரியார் அந்த ரயில் பெட்டியில் ஏறியே இருக்கமாட்டார். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தபோது 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கே வந்தார். மறு ஆண்டு டிசம்பர் 24 அன்று அவரும் மறைந்தார். நகராட்சிக் காலத்துக் கூட்டு வேலை 1925க்குப் பின் ஒருபோதும் மீளவில்லை. அந்தரங்க நம்பிக்கையோ ஒருபோதும் முறியவில்லை. ஆகவே 1949இல் அதை மீட்கவேண்டிய தேவையும் எழவில்லை.