பித்தப்பைக் கல்லுக்கு முதல் பரிசோதனை எது? ஒரு நூற்றாண்டில் மாறிய விடை

வலது விலாவுக்குக் கீழே வலியோடு வரும் நோயாளிக்கு இன்று எந்த மருத்துவரும் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் எழுதுகிறார். இந்த விடை நிலைபெற்று ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் அந்த ஸ்கேனிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உடல் அறிகுறிகள், எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பெரும்பாலும் வகுக்கப்பட்டுவிட்டன. கேள்வி பழையது, கருவி புதியது. இவ்விரண்டும் பொருந்திய விதத்தையே இக்கட்டுரை ஆராய்கிறது.

1877இல் பாரிஸில் சார்க்கோ, வலது மேல்வயிற்று வலி, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகிய மூன்றையும் ஒருசேரக் கண்டால் அடைபட்ட பித்த நாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டிருப்பதாகக் கொள்ளலாம் என்று விளக்கினார். 1890இல் பாசல் நகர அறுவை மருத்துவர் கூர்வோசியே, பொதுப் பித்த நாளம் அடைபட்ட 187 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார். கல்லால் அடைபட்ட 87 பேரில் 17 பேருக்கு மட்டுமே பித்தப்பை விரிந்திருந்தது. புற்றுநோய் போன்ற பிற காரணங்களால் அடைபட்ட 100 பேரில் 92 பேருக்கு விரிந்திருந்தது. கல் நெடுநாள் உறுத்திய பித்தப்பை தடித்துச் சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. எனவே காமாலையோடு வலியில்லாத, கைக்குத் தட்டுப்படும் பித்தப்பை இருந்தால் கல்லைவிடக் கணையப் புற்றுநோயையே முதலில் ஐயுற வேண்டும். அந்த 17 பேரை மறந்து இதை மாறாத விதியாக்கியவர்கள் பின்னால் வந்தவர்களே. 1903இல் சிகாகோவின் மர்ஃபி, பித்தப்பை இருக்கும் இடத்தில் விரலை அழுத்திக்கொண்டு நோயாளியை ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார். மூச்சு பாதியில் நின்றால் பித்தப்பை அழற்சி என்று கொண்டார்.

அறிகுறிகள் இவ்வளவு தெளிவாக இருந்தும் கல்லைக் கண்ணால் காண வழியில்லை. சுண்ணாம்புச் சத்து குறைவாக இருப்பதால், பித்தப்பைக் கற்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியும். 1924இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கிரஹாமும் கோலும் இதற்குச் சுற்றுவழி கண்டார்கள். கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றும் ஒரு சாயத்தில் எக்ஸ்-ரேயை மறிக்கும் புரோமினைச் சேர்த்து நாய்களுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார்கள். பல தோல்விகளுக்குப் பிறகு ஒரு நாயில் மட்டும் பித்தப்பையின் நிழல் விழுந்தது. விசாரித்ததில் அந்த நாய்க்கு அன்று தீனி வைக்கப்படவில்லை என்று தெரிந்தது. உணவு உண்டால் பித்தப்பை சுருங்கிச் சாயத்தை வெளியே தள்ளிவிடும். வெறும் வயிற்றில் சாயம் உள்ளே தங்கிச் செறியும். இன்றும் பித்தப்பை ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வது, பை நிரம்பி விரிந்திருந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்பதற்காகவே.

பிறகு இந்தச் சாயம் மாத்திரையாக வந்தது. இரவில் விழுங்கி மறுநாள் காலை படம் எடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் இதுவே முதல் பரிசோதனை. ஆனால் அது ஒரு நெடிய சங்கிலியை நம்பியிருந்தது: குடல் மருந்தை உறிஞ்ச வேண்டும், கல்லீரல் அதைப் பித்தத்தில் விட வேண்டும், பித்தப்பை அதைச் செறிவாக்க வேண்டும். காமாலை நோயாளியிடம் கல்லீரல் என்ற கண்ணியே அறுந்துவிடுகிறது. அடைப்பை உடனே அறிய வேண்டிய நோயாளியிடமே சோதனை கைவிட்டது என்பதுதான் இம்முறையின் பெருங்குறை.

1970களில் பரவிய அல்ட்ராசவுண்டுக்குக் கல்லீரலின் தயவு தேவையில்லை. ஒலி கல்லில் பட்டுத் திரும்புகிறது, கல்லுக்குப் பின்னால் கருநிழல் விழுகிறது, நோயாளியைப் புரட்டினால் கல் உருள்கிறது. பித்தப்பைக் கற்களில் 95 சதவீதத்தை ஒட்டி இது காட்டிவிடுகிறது. மர்ஃபியின் விரல் நின்ற இடத்தில் இப்போது ஸ்கேன் கருவியின் முனையை அழுத்தி வலியைச் சோதிக்கிறார்கள். ஆனால் பொதுப் பித்த நாளத்தின் கீழ்ப்பகுதி முன்சிறுகுடலின் வாயுவுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அங்குள்ள கற்களில் பெரும்பங்கை அல்ட்ராசவுண்ட் தவறவிடலாம்.

ஒரு மாதிரி நோயாளியைக் கொள்வோம். வயது 45, பெண். இரவு உணவுக்குப் பின் மேல்வயிற்றில் தொடங்கிய வலி வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே பரவி, விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக மூன்று மணி நேரம் நீடித்து அடங்கியது. இதுவே கல் பித்தப்பையின் வாயை அடைத்து விலகும் வலி. ஆறு மணி நேரத்தைத் தாண்டிக் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அழற்சியை எண்ணியிருப்போம். ஆனால் இரண்டு நாளில் இவருக்குச் சிறுநீர் கருத்தது, மலம் வெளுத்தது, கண் மஞ்சளித்தது. கேள்வி இப்போது பித்தப்பையிலிருந்து நாளத்துக்கு நகர்ந்துவிட்டது.

அப்போதும் முதலில் அல்ட்ராசவுண்டே. கூடவே கல்லீரல் இரத்தப் பரிசோதனை. பித்தப்பையில் கற்கள் தெரிகின்றன. பொதுப் பித்த நாளம் 9 மி.மீ. விரிந்திருக்கிறது, நாளத்தில் கல் தெரியவில்லை. வழக்கமாக அது 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ‘நாளத்தில் கல் இல்லை’ என்று இந்த அறிக்கையைப் படிப்பதுதான் அடிக்கடி நேரும் பிழை. விரிந்த நாளமே அடைப்பின் தடயம். அடுத்து எம்.ஆர்.சி.பி. என்ற காந்த அதிர்வுப் படமோ எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டோ எடுக்க வேண்டும். 1968இல் தொடங்கிய ஈ.ஆர்.சி.பி. கல்லைக் காட்டுவதோடு அகற்றவும் செய்யும். ஆனால் நூற்றில் சிலருக்குக் கணைய அழற்சியை உண்டாக்கும் என்பதால், கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் அதைச் செய்வதில்லை. சார்க்கோ சொன்ன காய்ச்சலும் நடுக்கமும் இவருக்கு வந்திருந்தால் கணக்கு மாறும்: நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோடு, அடைப்பைத் திறக்க ஈ.ஆர்.சி.பி.க்கு விரைந்து அனுப்புவார்கள்.